காணாமல் போன 200 கிலோ

கோவையிலிருந்து திருச்சி போகும் சாலையில் பல்லடத்தைத் தாண்டும்போது இரண்டு சத்தங்கள் காதில் விழும். ஒன்று விசைத்தறியின் தடதடப்பு. மற்றொன்று, சாலையை விட்டு விலகித் தோட்டங்களுக்குள் இறங்கினால் கேட்கும் ஆயிரக்கணக்கான கோழிகளின் இடைவிடாத முணுமுணுப்பு. முட்டைக்கு நாமக்கல் என்றால் கறிக்கோழிக்குப் பல்லடம். கறிக்கோழியின் பண்ணைக் கொள்முதல் விலையைப் பல்லடத்தில் உள்ள ஒருங்கிணைப்புக் குழுதான் அறிவிக்கிறது. கிழக்கு மேற்காக நீளும் செட்டுகள், தரையில் பரப்பிய தேங்காய் நார்த்தூள், வரிசையாகத் தொங்கும் தீவனத் தட்டுகள் என ஒரு பண்ணையைப் பார்த்தால் நூறு பண்ணைகளைப் பார்த்த மாதிரிதான்.

இந்த அத்தியாயத்துக்கு அப்படியொரு பண்ணையைக் கற்பனை செய்துகொள்வோம். எண்களையும் கணக்குக்கு வசதியாக நானே வைத்துக்கொள்கிறேன். ஆனால் இதில் வரும் சிக்கல் எந்தப் பண்ணையிலும், எந்தத் தறிக்கூடத்திலும், எந்தப் பள்ளியிலும் வரக்கூடியது.

பண்ணையில் இரண்டு செட்டுகள் இருக்கின்றன. குஞ்சு விட்டு 40 நாள் ஆகிவிட்டது. லாரி வருவதற்கு முந்தைய நாள் பண்ணைக்காரர் ஒவ்வொரு செட்டிலும் 50 கோழிகளைப் பிடித்து எடை போட்டுப் பார்க்கிறார். புது செட்டில் ஒரு கோழியின் சராசரி எடை 2.1 கிலோ. பழைய செட்டில் 1.9 கிலோ. மனசுக்குள் கணக்குப் போடுகிறார்: 2.1, 1.9, இரண்டுக்கும் நடுவில் 2 கிலோ. இரண்டு செட்டிலும் சேர்த்து 8,000 கோழி. அப்படியானால் 16,000 கிலோ, அதாவது 16 டன்.

மறுநாள் கோழி ஏறுகிறது. ஒவ்வொரு கூண்டாக எடை போட்டு, வெறுங்கூண்டின் எடையைக் கழித்து எழுதிக்கொண்டே வருகிறார்கள். கடைசிக் கூண்டும் ஏறிய பிறகு கூட்டிப் பார்த்தால் 15,800 கிலோதான் இருக்கிறது.

“16 டன் வரோணுமே, 200 கிலோ எங்கே போச்சு?”

தராசில் கோளாறா, எழுதியதில் தப்பா, ராத்திரியில் யாராவது கோழி பிடித்துப் போய்விட்டார்களா என்று ஒவ்வொன்றாக யோசிக்கிறார். நூறு கோழி போனால்தான் 200 கிலோ குறையும். கோழியை எண்ணிப் பார்த்தாயிற்று. எண்ணிக்கை 8,000 சரியாக இருக்கிறது. தராசில் தெரிந்த கல்லை வைத்துப் பார்த்தாயிற்று, அதுவும் சரி.

கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்த மகள்தான் கேட்கிறாள்: “ஏனுங்கப்பா, ரெண்டு செட்லயும் ஒரே எண்ணிக்கையாங்க?”

இல்லை. காற்றில் புது செட்டின் கூரைத் தகடுகள் பெயர்ந்துவிட்டதால் இந்த பேட்சில் அங்கே பாதிக்குச் சற்று மேலான இடம்தான் பயன்பட்டது. அங்கே 3,000 கோழி. மீதி 5,000 கோழி பழைய செட்டில்.

200 கிலோவை யாரும் எடுத்துப்போகவில்லை. அது முதலிலிருந்தே அங்கே இல்லை.

சராசரியைப் பிரித்துப் பார்த்தல்

சராசரி என்பது ஒரு சுருக்கம். 3,000 கோழிகளின் எடையையும் கூட்டி, 3,000 ஆல் வகுத்து, ஒரே எண்ணாக மடித்து வைத்திருக்கிறோம். மடித்த துணியைப் பார்த்தால் அது எத்தனை மீட்டர் என்று தெரியாது. சராசரியும் அப்படித்தான். 2.1 என்ற எண்ணைப் பார்த்து அதற்குள் 30 கோழி இருக்கிறதா 3,000 கோழி இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. வகுக்கும்போதே எண்ணிக்கை மறைந்துபோகிறது.

இரண்டு சராசரிகளைச் சேர்க்க வேண்டுமானால் முதலில் மடிப்பைப் பிரிக்க வேண்டும். புது செட்டில் 3,000 கோழி, ஒவ்வொன்றும் சராசரியாக 2.1 கிலோ. மொத்தம் 6,300 கிலோ. பழைய செட்டில் 5,000 கோழி, சராசரி 1.9 கிலோ. மொத்தம் 9,500 கிலோ. இரண்டு மொத்தங்களையும் கூட்டினால் 15,800 கிலோ. அதை 8,000 கோழிக்கு வகுத்தால் 1.975 கிலோ.

பண்ணைக்காரரின் மனக்கணக்குக்கும் இதற்கும் கோழிக்கு 25 கிராம்தான் வித்தியாசம். ஒரு கோழியைக் கையில் தூக்கிப் பார்த்து 25 கிராமை யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அந்த 25 கிராமை 8,000 முறை அடுக்கினால் 200 கிலோ.

மனக்கணக்கில் தப்பு எங்கே நடந்தது? 2.1-ஐயும் 1.9-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தபோது அவர் இரண்டு செட்டுகளுக்கும் சமமான மதிப்புக் கொடுத்துவிட்டார். செட்டுக்குச் செட்டு சமம் என்றால், 3,000 பேர் கூடிய செட்டில் இருக்கும் ஒரு கோழியின் குரல் 5,000 பேர் கூடிய செட்டின் கோழியைவிட உரக்கக் கேட்கும். லாரியில் ஏறுவது செட் அல்ல, கோழி. கோழிக்குக் கோழி சமம் என்று வைத்தால்தான் தராசும் கணக்கும் ஒன்றுபோல் பேசும்.

இப்படி ஒவ்வொரு தொகுதியின் சராசரிக்கும் அதன் அளவுக்கேற்ற கனத்தைக் கொடுத்துச் சேர்ப்பதை ‘நிறையிட்ட சராசரி’ என்று பாடநூல்கள் சொல்கின்றன. நிறை என்றால் இங்கே கோழியின் எடை அல்ல; அந்தச் சராசரிக்குக் கொடுக்கும் கனம். நம் கணக்கில் புது செட்டின் நிறை 3,000, பழைய செட்டின் நிறை 5,000.

இன்னொன்றையும் மகள் கவனித்தாள். நோட்டில் முதல் நாள் பக்கத்தில் 3,100, 5,250 என்று வேறு இரண்டு எண்கள் இருந்தன. அவை விட்ட குஞ்சுகளின் எண்ணிக்கை. 40 நாளில் புது செட்டில் 100, பழைய செட்டில் 250 இறந்துவிட்டன. எடைக் கணக்குக்கு விட்ட குஞ்சு உதவாது. எடை போட்ட அன்று உயிரோடிருக்கும் கோழிதான் நிறை.

காவடித் தண்டு

பெருக்காமலே விடையைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. தண்ணீர்க் காவடி தூக்கியவர்களுக்கு அது சொல்லாமலே விளங்கும்.

தண்டின் இரு முனையிலும் ஒரே அளவு குடங்கள் தொங்கினால் தோள் நடுவில் இருக்கும். ஒரு குடம் நிறைந்தும் மற்றது குறைந்தும் இருந்தால், தூக்குபவர் தண்டைக் கொஞ்சம் நகர்த்தி, கனமான குடம் தோளுக்குக் கிட்டே வரும்படி வைத்துக்கொள்வார். எவ்வளவு கனமோ அவ்வளவு கிட்டே.

நம் சராசரிகளைத் தண்டாக்கிப் பாருங்கள். இடது முனை 1.9 கிலோ, அதில் 5,000 கோழி தொங்குகிறது. வலது முனை 2.1 கிலோ, அதில் 3,000 கோழி. தண்டின் நீளம் 200 கிராம். கோழிகள் மூன்றுக்கு ஐந்து என்ற கணக்கில் இருப்பதால் தண்டை எட்டுப் பங்காக வெட்டுவோம். ஒரு பங்கு 25 கிராம். தோள் நிற்க வேண்டிய இடம் கனமான இடது முனையிலிருந்து மூன்று பங்கு, அதாவது 75 கிராம் தள்ளி. 1.9 கிலோவுடன் 75 கிராம் சேர்த்தால் 1.975. பெருக்கிக் கண்ட அதே விடை.

சமநிலை சரிதானா என்றும் பார்த்துவிடலாம். இடப்பக்கம் 5,000 கோழி 75 கிராம் தூரத்தில் இழுக்கிறது, பெருக்கினால் 3,75,000. வலப்பக்கம் 3,000 கோழி 125 கிராம் தூரத்தில் இழுக்கிறது, அதுவும் 3,75,000.

இந்தப் படம் மனதில் இருந்தால் சில தப்புகள் உடனே கண்ணில் படும். தோள் ஒருநாளும் தண்டுக்கு வெளியே இருக்க முடியாது. ஆகவே இரண்டு செட்டுகளின் சராசரி 1.9, 2.1 என்றிருக்க, மொத்தச் சராசரி 2.15 என்று யாராவது எழுதிக்கொடுத்தால் அது தப்பு. சரிபார்க்க வேறு எதுவும் வேண்டாம். தோள் பெரிய கூட்டத்துக்குக் கிட்டேதான் நிற்கும். சிறிய கூட்டத்துக்குக் கிட்டே நின்றால் நிறைகளை மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். இரண்டு கூட்டமும் சமமாக இருந்தாலோ, இரண்டு சராசரியும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலோ மட்டும்தான் மனக்கணக்கில் பாதிக்குப் பாதி எடுத்துக்கொள்ளலாம்.

பிடித்தது நூறு, பேசுவது எட்டாயிரம்

பண்ணைக்காரர் ஒரு நியாயமான கேள்வி கேட்கிறார். “நான் சராசரிகளை மட்டும் வெச்சுக் கணக்குப் போடலை கண்ணு. ரெண்டு செட்லயும் 50, 50 கோழி பிடிச்சேன். நூறு கோழியையும் ஒண்ணாக் கூட்டி நூத்தால வகுத்தாலும் ரெண்டு கிலோதானே வருது?”

வரத்தான் வருகிறது. புது செட்டின் 50 கோழிகள் சேர்ந்து 105 கிலோ, பழைய செட்டின் 50 கோழிகள் 95 கிலோ. கூட்டினால் 200 கிலோ. நூறு கோழிக்கு வகுத்தால் 2 கிலோ. பெருக்கல் வகுத்தலில் எந்தத் தப்பும் இல்லை. பிடித்த நூறு கோழிகளுக்கு அது சரியான சராசரியும்கூட. ஆனால் அவருக்குத் தேவை அந்த நூறின் சராசரி அல்ல, எட்டாயிரத்தின் சராசரி.

புது செட்டில் பிடித்த ஒவ்வொரு கோழியும் 60 கோழிகளுக்காகப் பேசுகிறது. பழைய செட்டில் பிடித்த ஒவ்வொன்றும் 100 கோழிகளுக்காகப் பேசுகிறது. இருவர் பேச்சையும் ஒரே கனத்தில் எடுத்துக்கொண்டால் பழைய செட்டுக்கு அநியாயம் நடந்துவிடும். அதனால் மாதிரி எடுத்துக் கண்ட சராசரிகளைச் சேர்க்கும்போது, எத்தனை கோழி பிடித்தோம் என்பது நிறையாகாது. அந்த மாதிரி எந்தக் கூட்டத்திலிருந்து வந்ததோ, அந்தக் கூட்டத்தின் அளவுதான் நிறை. இந்தத் தப்பைக் கணக்கு நன்றாகத் தெரிந்தவர்களே செய்வதை நான் பார்த்திருக்கிறேன். எல்லா எண்களையும் கூட்டி வகுத்துவிட்டோம் என்ற நிம்மதி அவர்கள் கண்ணை மறைத்துவிடுகிறது.

பிடிக்கும்போதே சரியான விகிதத்தில் பிடித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. புது செட்டில் 30, பழைய செட்டில் 50 என்று பிடித்திருந்தால் முதலாவது 63 கிலோ, இரண்டாவது 95 கிலோ, ஆக 80 கோழிக்கு 158 கிலோ. வகுத்தால் 1.975. விகிதம் பொருந்தியதால் சாதாரணச் சராசரியே சரியாக வந்துவிட்டது.

கோழி பிடிப்பதிலேயே இன்னொரு பொறி இருக்கிறது. செட்டுக்குள் நடந்துபோய்க் கைக்கு எட்டியதைப் பிடித்தால், ஓட முடியாமல் உட்கார்ந்திருக்கும் கனத்த கோழியும் நோய்ப்பட்ட கோழியும்தான் அதிகம் சிக்கும். அதனால் பழகியவர்கள் செட்டின் இரண்டு மூன்று இடங்களில் ஒரு மறைப்பை வைத்து வளைத்து, உள்ளே அகப்பட்ட அத்தனை கோழிகளையும், ஒன்று விடாமல், எடை போடுவார்கள். சேவல் பெட்டையைவிடக் கனம் என்பதால், வளைப்பில் சேவல் கூடுதலாக அகப்பட்டாலும் சராசரி ஏறிவிடும். யோசித்துப் பார்த்தால் ஒவ்வொரு செட்டுக்குள்ளும் சேவல், பெட்டை என்று மறுபடியும் இரண்டு தொகுதிகள். அதே கணக்குதான், ஒரு படி கீழே.

மூன்று எண்ணிலிருந்து நான்காவது

காவடித் தண்டை எதிர்த்திசையிலும் பயன்படுத்தலாம். இரு முனைகளும் தெரியும், தோள் நிற்கும் இடமும் தெரியும் என்றால், எந்தக் குடம் எவ்வளவு கனம் என்று சொல்லிவிடலாம். இதற்குப் பண்ணையை விட்டுக் கொஞ்சம் வெளியே வருவோம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கிராமப்புற எழுத்தறிவு 67.77 சதவீதம், நகர்ப்புறத்தில் 84.11 சதவீதம். இரண்டுக்கும் நடு எடுத்தால் ஏறத்தாழ 76 வரும். ஆனால் நாட்டின் மொத்த எழுத்தறிவு 72.99 சதவீதம்தான். மூன்று சதவீதப் புள்ளிகள் எங்கே போயின? பண்ணைக்காரரின் 200 கிலோ போன இடத்துக்குத்தான்.

இப்போது தண்டை வைத்துப் பாருங்கள். அதன் நீளம், 84.11-க்கும் 67.77-க்கும் இடைப்பட்ட 16.34. தோள் கிராம முனையிலிருந்து 5.22 தூரத்தில் நிற்கிறது. 16.34-இல் 5.22 என்பது ஏறக்குறைய 32 சதவீதம். ஆக, நகரவாசிகளின் பங்கு 32 சதவீதம் இருக்க வேண்டும். மக்கள்தொகை பற்றி ஒரு எண்கூடப் பார்க்காமல் இதைச் சொல்கிறோம். அதே கணக்கெடுப்பு நகர மக்கள்தொகையின் பங்கை நேரடியாக எண்ணிச் சொன்னது 31.2 சதவீதம்.

அந்தச் சிறு வித்தியாசத்துக்கும் காரணம் உண்டு. எழுத்தறிவை ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம்தான் கணக்கிடுகிறார்கள். கிராமங்களில் ஏழு வயதுக்குக் கீழான குழந்தைகளின் பங்கு கூடுதல். அவர்களை விலக்கிவிட்டால் நகரத்தின் பங்கு ஒரு நூல் ஏறும். ஆகவே நாம் கண்டுபிடித்த 32 தப்பான எண் அல்ல. ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களிடையே நகரத்தின் பங்கு அது.

தமிழ்நாட்டுக்கு வந்தால் கதை வேறு. கிராமம் 73.54, நகரம் 87.04, மொத்தம் 80.09. சும்மா நடு எடுத்தால் 80.29 வருகிறது; தப்பு 0.2 மட்டும்தான். காரணம், 2011-இலேயே தமிழ்நாட்டு மக்களில் 48.4 சதவீதம் பேர் நகரங்களில் இருந்தார்கள். இரு குடமும் கிட்டத்தட்டச் சமம், எனவே தோளும் கிட்டத்தட்ட நடுவில். தப்பான வழியில் போனாலும் சில ஊர்களுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்துவிடலாம். இந்த வழி இத்தனை பேரை ஏமாற்றுவதற்கு அதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

எதை நிறையாக வைப்பது?

பண்ணைக்குத் திரும்புவோம். எடைக் கணக்கு புரிந்த உற்சாகத்தில் பண்ணைக்காரர் தீவனக் கணக்கையும் எடுக்கிறார்.

ஒரு கிலோ கோழி எடைக்கு எத்தனை கிலோ தீவனம் செலவானது என்பதைத் தீவன மாற்றுத் திறன் என்பார்கள். பண்ணைகளில் ‘எப்.சி.ஆர்.’ என்றால்தான் புரியும். ஒப்பந்தப் பண்ணைகளில் வளர்ப்புக் கூலியோடு இது நேரடியாகச் சம்பந்தப்பட்டது. எண் குறைந்தால் ஊக்கத்தொகை, ஏறினால் பிடித்தம். புது செட்டில் இது 1.6, பழைய செட்டில் 1.8 என்று வைத்துக்கொள்வோம்.

நடுவில் 1.7 என்று அவர் இனிச் சொல்ல மாட்டார். 3,000 கோழி, 5,000 கோழி என்று நிறையிட்டுப் பார்க்கிறார். 1.725 வருகிறது. முன்பு சரியாக வந்த முறைதான் இது. ஆனால் கிடங்கிலிருந்து வெளியேறிய மூட்டைகளோடு ஒப்பிட்டால் இது பொருந்தவில்லை.

புது செட்டில் 6,300 கிலோ கோழிக்கு, கிலோவுக்கு 1.6 வீதம் 10,080 கிலோ தீவனம். பழைய செட்டில் 9,500 கிலோ கோழிக்கு 1.8 வீதம் 17,100 கிலோ. மொத்தம் 27,180 கிலோ. அதை 15,800 கிலோ கோழிக்கு வகுத்தால் 1.720 வருகிறது. 1.725 என்று வைத்தால் 75 கிலோ தீவனத்தைக் கூடுதலாகக் கணக்குக் காட்டியிருப்போம். அது 50 கிலோ மூட்டையில் ஒன்றரை மூட்டை. பழைய 1.7-ஐ வைத்திருந்தால் 320 கிலோ, ஆறு மூட்டைக்கும் மேல், கணக்கில் வராமல் போயிருக்கும்.

இந்த முறை நிறை மாறிப்போனதற்குக் காரணம் எளியது. சராசரி எடை என்பது ‘ஒரு கோழிக்கு’ எத்தனை கிலோ என்ற கேள்வி. அங்கே வகுத்தது கோழியால், எனவே கோழிதான் நிறை. தீவன மாற்றுத் திறன் என்பது ‘ஒரு கிலோ எடைக்கு’ எத்தனை கிலோ தீவனம் என்ற கேள்வி. இங்கே வகுத்தது கோழி எடையின் கிலோவால், எனவே அந்தக் கிலோதான் நிறை. இறப்புச் சதவீதம் என்றால் ‘விட்ட நூறு குஞ்சுக்கு’ எத்தனை என்ற கேள்வி. ஆகவே அங்கே முதல் நாள் பக்கத்தில் கண்ட 3,100, 5,250 என்ற எண்களே நிறை. 8,350 குஞ்சில் 350 இறப்பு, அதாவது 4.2 சதவீதம்.

எதால் வகுத்தோமோ அதுவே நிறை. எந்த நிறையை எடுப்பது என்று குழம்பும்போது, அந்தச் சராசரியைப் பேச்சு வழக்கில் சொல்லிப் பாருங்கள். ‘ஒரு ஏக்கருக்கு’, ‘ஒரு தறிக்கு’, ‘ஒரு மணி நேரத்துக்கு’ என்று வாயில் வரும் சொல்லிலேயே நிறை இருக்கும்.

இரண்டும் ஏறின, மொத்தம் இறங்கியது

கடைசியில் சொல்லப்போவதுதான் பண்ணைக்காரரின் தூக்கத்தைக் கெடுத்த விஷயம்.

கூரை பெயர்வதற்கு முந்தைய பேட்சில் புது செட்டில் 5,000 கோழி இருந்தது. சராசரி 2.08 கிலோ. பழைய செட்டில் 3,000 கோழி, 1.88 கிலோ. அடுத்த பேட்ச் வெயில் தணிந்த மாதங்களில் வந்தது. வெக்கை குறைந்தால் கோழி நன்றாகத் தின்னும், எடையும் ஏறும். அதன்படியே புது செட்டில் சராசரி 2.1 ஆகவும், பழைய செட்டில் 1.9 ஆகவும் உயர்ந்தது. இரண்டு செட்டிலும் கோழிக்கு 20 கிராம் முன்னேற்றம்.

மொத்தச் சராசரி என்ன ஆயிற்று? முந்தைய பேட்சில் 10,400 கிலோவும் 5,640 கிலோவும் சேர்ந்து 16,040 கிலோ. 8,000 கோழிக்கு வகுத்தால் 2.005. இந்த பேட்சில் நாம் கண்டது 1.975. மொத்தச் சராசரி 30 கிராம் இறங்கிவிட்டது.

எழுத்துப் பிழை இல்லை. இரண்டு செட்டிலும் ஏறியது, பண்ணையில் இறங்கியது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. தண்டின் இரு முனைகளும் 20 கிராம் மேலே போயின. ஆனால் 2,000 கோழி புது செட்டின் முனையிலிருந்து பழைய செட்டின் முனைக்கு இடம் மாறிவிட்டதால், தோள் அதைவிட அதிகமாகப் பழைய செட்டின் பக்கம் நகர்ந்தது. இந்த முரண் பற்றி 1903-இலேயே உட்னி யூல் எழுதினார். 1951-இல் எட்வர்ட் சிம்சன் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அது சிம்சன் முரண் என்ற பெயரில் நிலைத்துவிட்டது.

பண்ணை வளர்ப்பு மேம்பட்டதா என்று அறிய வேண்டுமானால், இரண்டு பேட்சுக்கும் ஒரே நிறையை வைத்துப் பார்க்க வேண்டும். இந்த பேட்சின் சராசரிகளை எடுத்து, போன பேட்சின் எண்ணிக்கையோடு சேர்ப்போம். 5,000 கோழி 2.1 கிலோ வீதம், 3,000 கோழி 1.9 கிலோ வீதம். மொத்தச் சராசரி 2.025. போன பேட்சின் 2.005-ஐவிட 20 கிராம் அதிகம். வளர்ப்பு மேம்பட்டிருக்கிறது, சரிந்தது கூரையால். லாரியில் எத்தனை டன் ஏறும் என்று கேட்டால் 1.975-தான் பதில். வேலையாள் நன்றாகப் பார்த்துக்கொண்டாரா என்று கேட்டால் 2.025-ஐத்தான் பார்க்க வேண்டும். ஒரு கேள்விக்கான விடையை இன்னொரு கேள்விக்குக் கொடுத்தால் நன்றாக வேலை செய்தவர் திட்டு வாங்குவார்.

மாநிலங்களை ஒப்பிடும்போதும் இதே தப்பு நடக்கிறது. கேரளத்தில் ஆயிரம் பேருக்கு ஆண்டில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று பார்த்தால், அது நாட்டுச் சராசரியைவிடக் கூடுதல். பச்சிளங்குழந்தை இறப்பை மிகவும் குறைத்துக்காட்டிய மாநிலத்துக்கு ஏன் இப்படி? அங்கே முதியவர்களின் பங்கு நாட்டிலேயே அதிகம். முதியோர் என்ற குடம் கனத்ததால் தோள் அந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. எல்லா மாநிலத்துக்கும் ஒரே வயதுப் பங்கீட்டை நிறையாக வைத்துக் கணக்கிட்ட பிறகே ஒரு மாநிலம் மற்றதைவிட ஆரோக்கியமானதா என்று பேச வேண்டும். அப்படிச் செய்யாமல் வரும் ஒப்பீட்டை நான் நம்புவதில்லை.

அடுத்த பேட்ச்

மகள் நோட்டில் கோடு போட்டுப் புதிதாக இரண்டு பத்திகள் சேர்த்துவிட்டாள். முன்பு ஒவ்வொரு செட்டுக்கும் சராசரி எடை மட்டும் இருந்தது. இப்போது அதற்கு இடப்பக்கம் அன்றைய உயிர்க்கோழி எண்ணிக்கை, வலப்பக்கம் இரண்டையும் பெருக்கிய மொத்தக் கிலோ. பக்கத்தின் அடியில் மொத்தக் கிலோவையும் மொத்தக் கோழியையும் மட்டும்தான் கூட்டுகிறாள். சராசரிப் பத்தியின் அடியில் கூட்டலே கிடையாது. அங்கே வகுத்து வந்த எண்ணை எழுதுகிறாள்.

கூரை சரியாகிவிட்டது. அடுத்த முறை இரண்டு செட்டிலும் 4,000 குஞ்சு விடப்போகிறார்கள். ஒன்றில் 50, மற்றதில் 150 இறந்து, எடை போடும் நாளில் 3,950 கோழியும் 3,850 கோழியும் மிஞ்சினால், சராசரி மறுபடியும் 2.1, 1.9 என்றே இருந்தாலும் அப்பாவின் பழைய மனக்கணக்கு போதும். 2 கிலோ என்று அவர் சொல்வதற்கும் உண்மையான கணக்குக்கும் கோழிக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல்தான் வித்தியாசம் இருக்கும். 7,800 கோழிக்கும் சேர்த்து 10 கிலோ.